அப்பா பெயரில் போட்ட 13 லட்சம்

2024 மார்ச் நடுவில், துபாயில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா கூப்பிட்டார். வழக்கமாக இரவில்தான் பேசுவார். "தம்பி, இன்கம்டாக்ஸ்லேர்ந்து தபால் வந்திருக்குப்பா. 13 லட்சம்னு போட்டிருக்கான். நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றார். குரல் நடுங்கியது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அறுபது வயதைத் தாண்டிய அப்பா அதுவரை வருமான வரி அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர். ஒரு ஏக்கர் நிலம், அதையும் குத்தகைக்கு விட்டிருக்கிறார். வீட்டுச் செலவு முழுக்க நான் அனுப்பும் பணம்தான்.

நான் 2013 முதல் துபாயில் ஏசி பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். "பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு வரி கிடையாது" என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அது உண்மைதான். ஆனால் வரி இல்லை என்பது வேறு, அது வரி இல்லாத பணம்தான் என்று காட்ட முடிவது வேறு. அந்த இரண்டுக்கும் இடையில் நாங்கள் ஒரு வருடம் அலைந்தோம். அதில் தெரிந்துகொண்டதை, என்னைப் போல மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வந்த தபாலைப் பற்றிச் சொல்கிறேன். அது 148ஏ(பி) பிரிவின் கீழ் வந்த நோட்டீஸ். 2019-20 நிதியாண்டில் அப்பாவின் பான் எண்ணில் ஒரே வங்கியில் 13 லட்சத்துக்கு நிரந்தர வைப்புத்தொகை போடப்பட்டிருக்கிறது, அந்த ஆண்டுக்கு அவர் வருமானக் கணக்கு எதுவும் தாக்கல் செய்யவில்லை, ஆகவே வரி விதிக்க வேண்டிய வருமானம் விடுபட்டதாகத் தோன்றுகிறது, இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் ஒரே நிதியாண்டில் ஒரு வங்கியில் 10 லட்சமோ அதற்கு மேலோ புதிதாக வைப்புத்தொகை போட்டால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்பா போட்டது மூன்று வைப்பு, கூட்டினால் 13 லட்சம். அப்படித்தான் அது அவர்கள் கண்ணில் பட்டது.

நான்கு வருடம் கழித்து ஏன் வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த அளவுத் தொகைக்கு அந்த ஆண்டின் வரிக் கணக்கை மறுபடி விசாரிக்க 2024 மார்ச் 31 வரைதான் அவர்களுக்குக் கெடு. கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அனுப்பியிருக்கிறார்கள். பதில் சொல்ல எங்களுக்குக் கிடைத்ததும் சில நாட்கள்தான்.

அந்தச் சில நாட்களிலும் பாதி வீணாகப் போனது. அப்பாவுக்குப் பான் கார்டு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் பையன், விண்ணப்பத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டிருந்தான். நோட்டீஸ் மின்னஞ்சலில் முதலில் அவனுக்குத்தான் போயிருக்கிறது, அவன் பார்க்கவே இல்லை. வரித்துறைத் தளத்தில் அப்பாவின் கணக்கைத் திறக்க முயன்றால் ஓடிபி அந்த எண்ணுக்குப் போகிறது. அந்தப் பையனைத் தேடிப் பிடித்து, எண்ணை மாற்றி, உள்ளே நுழையவே மூன்று நாள் ஆனது. உங்கள் அப்பா, அம்மாவின் பான் பதிவில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம்.

போலி நோட்டீஸ்களும் நிறைய வருகின்றன. தளத்தில் உள்நுழையாமலேயே `Authenticate Notice/Order Issued by ITD` என்ற இடத்தில் நோட்டீஸில் உள்ள ஆவண எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். எங்களுடையது உண்மைதான். உள்ளே `Pending Actions` பகுதியில் `e-Proceedings` என்பதன் கீழே அதே நோட்டீஸ் உட்கார்ந்திருந்தது.

ஊரில் ஒருவர் சொல்லி ஒரு ஆடிட்டரைப் பிடித்தோம். நான் வீடியோ அழைப்பில், அப்பா அவர் எதிரில். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, இந்தப் பணம் அப்பாவுக்குக் கொடுத்ததா, இல்ல உங்களுக்காக அவர் பத்திரமா வெச்சிருக்காரா? யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டுக்கும் சட்டம் வேற வேற."

நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. வீட்டுப் பணம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் விளக்கினார். மகன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் அது அன்பளிப்பு. பொதுவாக ஒருவர் ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பணம் பெற்றால் அந்தத் தொகை முழுவதும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். ஆனால் நெருங்கிய உறவினரிடமிருந்து வந்தால், எவ்வளவு வந்தாலும் வரி இல்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 56(2)(எக்ஸ்) பிரிவு என்று இதைச் சொல்வார்கள். 2026 ஏப்ரலில் இருந்து புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எங்கள் வழக்கு பழைய சட்டத்தின் காலத்தது, அதனால் பழைய எண்களையே சொல்கிறேன்.

அப்படிக் கொடுத்த பிறகு பணம் அப்பாவுடையது. அதில் வரும் வட்டியும் அப்பாவுடைய வருமானம், என்னுடையது அல்ல. மாறாக, "இது என் பணம், அப்பா பெயரில் சும்மா போட்டு வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் வட்டி என் வருமானம் ஆகிவிடும். வெளிநாட்டில் இருக்கிற நான் அதற்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டிவரும், எதற்காக அவர் பெயரில் போட்டாய் என்ற கேள்வியும் வரும்.

கூடவே ஆடிட்டர் இன்னொன்றையும் சொன்னார். "கொடுத்தேன்னு எழுதினா அது அவர் சொத்து. அவர் காலத்துக்கு அப்புறம் உங்க அம்மா, உங்க தங்கச்சி எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. நாமினியில் உங்க பேர் இருந்தாலும் அது வாங்கிக் கொடுக்கிறவர் பேர்தான்." அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்ததுதான் சார் என்று சொன்னேன். அது பொய்யில்லை. மாதா மாதம் அனுப்பும்போது மிச்சத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனால் வேலை மாறியபோது வந்த மொத்தப் பணத்தை அனுப்புகையில், பின்னால் வீடு கட்ட உதவும் என்ற நினைப்பு மனதில் இருந்தது. அதை என் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, அந்த 13 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்று உட்கார்ந்து பிரித்தோம். 2019 ஏப்ரலில் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் ஏற்கெனவே 3 லட்சம் இருந்தது, அதுவும் முந்தைய ஆண்டுகளில் நான் அனுப்பியதுதான். அந்த ஆண்டு மாதம் 2,000 திர்ஹாம் அனுப்பினேன். அப்போது திர்ஹாம் ஏறக்குறைய 19 ரூபாய், ஆக மாதம் 38,000. வருடத்துக்கு 4,56,000. அதில் வீட்டுச் செலவுக்கு மாதம் 14,000 வீதம் 1,68,000 போக மீதி 2,88,000. அதே ஆண்டில் நான் கம்பெனி மாறினேன். கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், கையில் சேர்த்தது எல்லாம் சேர்த்து 28,000 திர்ஹாம் ஒரே தடவையாக அனுப்பினேன், 5,32,000 ரூபாய். இதுவரை கூட்டினால் 11,20,000. மீதி 1,80,000 ரொக்கம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வங்கி வழியாக வந்த 11,20,000க்கே சான்று காட்டுவது நான் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. பாஸ்புக்கைப் புரட்டினால் எந்த வரியிலும் என் பெயர் இல்லை. வளைகுடாவில் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் வழியாக அனுப்பும் பணம், அந்த எக்ஸ்சேஞ்சுக்கு இந்திய வங்கி ஒன்றில் இருக்கும் கணக்கிலிருந்து ரூபாயாகத்தான் நம் வீட்டுக் கணக்குக்கு மாற்றப்படுகிறது. அதனால் பாஸ்புக்கில் நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் என்றும், ஒரு நீளமான எண்ணும், எக்ஸ்சேஞ்ச் பெயரின் பாதியும்தான் இருக்கும். பார்க்கிற அதிகாரிக்கு அது யாரோ அனுப்பிய பணம். மகன் அனுப்பியது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

நான் பணம் அனுப்பிய ரசீதுகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த மெல்லிய தாளில் அச்சடித்த ரசீது ஆறு மாதத்தில் வெளுத்தும் போய்விடுகிறது. எக்ஸ்சேஞ்ச் கிளைக்குப் போய், எமிரேட்ஸ் ஐடியைக் காட்டி, 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை நான் அனுப்பியவற்றின் முழுப் பட்டியல் கேட்டேன். ஐந்து வருடப் பதிவுகளை அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நான் கேட்டது ஐந்து வருடம் முடியும் விளிம்பில். இரண்டு நாளில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தேதி, திர்ஹாம், ரூபாய், அப்பாவின் கணக்கு எண், பரிவர்த்தனை எண் எல்லாம் இருந்தன. அந்தப் பரிவர்த்தனை எண்ணும் பாஸ்புக்கில் இருந்த நீளமான எண்ணும் சில இடங்களில் ஒன்றாகவே இருந்தன. இல்லாத இடங்களில் தேதியையும் தொகையையும் வைத்துப் பொருத்தினோம். பாஸ்புக் நகலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று எண் போட்டு, பட்டியலிலும் அதே எண்ணைப் போட்டுக் கொடுத்தார் அப்பா. இரண்டு இரவு உட்கார்ந்து அவரே செய்தார். ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, இதைவிடத் தெளிவாக நான் செய்ய மாட்டேன் என்றார்.

அதிகாரி பார்ப்பது மூன்று விஷயம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கொடுத்தவர் யார், கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா, பணம் உண்மையில் அவரிடமிருந்துதான் வந்ததா. முதலாவதுக்கு என் பாஸ்போர்ட், அப்பா பெயர் உள்ள பக்கத்தோடு. விசா பக்கம், பான் கார்டு. இரண்டாவதுக்கு வேலை ஒப்பந்தம், துபாய் வங்கியில் சம்பளம் ஏறும் கணக்கின் அந்த ஒரு வருட விவரம், கம்பெனி மாறியபோது கொடுத்த கணக்கு முடிப்புத் தாள். மூன்றாவதுக்கு எக்ஸ்சேஞ்ச் பட்டியலும் பாஸ்புக்கும். இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மகன் பணம் அனுப்பினான் என்று காட்டுவார்கள், அவனுக்கு அவ்வளவு சம்பளம் இருந்தது என்று காட்ட மாட்டார்கள். 28,000 திர்ஹாம் ஒரே நாளில் போனதற்கு அந்தக் கணக்கு முடிப்புத் தாள் இல்லாவிட்டால் நான் திணறியிருப்பேன்.

இவற்றோடு ஒரு கடிதம். இன்னார் மகன் இன்னார் ஆகிய நான், இன்ன தேதிகளில் இவ்வளவு ரூபாயை என் சம்பளத்திலிருந்து என் தந்தைக்கு அன்பின் பேரில் கொடுத்தேன், திருப்பித் தர வேண்டியதில்லை என்று வெள்ளைத் தாளில் ஒரு பக்கம். பணமாகக் கொடுத்த அன்பளிப்புக்குப் பத்திரப் பதிவு தேவையில்லை. பழைய தேதி போட்டு எழுதலாமா என்று நான் கேட்டேன். கூடவே கூடாது என்றார் ஆடிட்டர். நடந்தது பழையது, கடிதம் இன்றையது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் பழைய தேதியிட்ட தாள் ஒன்று சிக்கினால் மற்ற உண்மையான தாள்களையும் நம்ப மாட்டார்கள் என்றார்.

இப்போது அந்த 1,80,000.

2019 இறுதியில் அறையில் கூட இருந்த ஒருவர் மூலம் உண்டியலில் அனுப்பினேன். எக்ஸ்சேஞ்சைவிடத் திர்ஹாமுக்கு 20 காசு கூடக் கொடுத்தார்கள், கட்டணமும் இல்லை. சுமார் 9,400 திர்ஹாம் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் பைக்கில் ஒருவர் வந்து அப்பா கையில் 500 ரூபாய்க் கட்டுகளாகக் கொடுத்துவிட்டுப் போனார். ரசீது எதுவும் கிடையாது. அப்பா அதை 45,000 வீதம் நான்கு நாளில் வங்கியில் கட்டினார். 50,000க்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் பான் எண் கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால் அப்படிப் பிரித்தார். பிரித்துக் கட்டினால் தெரியாது என்பது தப்பான எண்ணம். பாஸ்புக்கின் அந்த நான்கு வரிகளுக்காக யாரும் வரவில்லை என்பது சரிதான். ஆனால் வேறொரு காரணத்துக்காகக் கணக்கைத் திறந்து பார்த்தவர் கண்ணுக்கு, அடுத்தடுத்து 45,000, 45,000 என்று நிற்கும் நான்கு வரிகள்தான் முதலில் தெரியும்.

உறவினர் ஒருவர், "நெல் வித்த காசுன்னு எழுதிடு, விவசாய வருமானத்துக்கு வரி இல்லியே" என்றார். அப்பாவும் அதற்குச் சாய்ந்தார். ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நிலம் குத்தகையில் இருக்கிறது, அடங்கலில் பயிர் விவரம் இருக்கும், ஒரு ஏக்கரில் அவ்வளவு நெல் விளையாது, கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும், ரொக்கமாக வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஒரு பொய்க்காக மற்ற 11 லட்சத்தையும் சந்தேகத்தில் விடப் போகிறீர்களா என்று அவர் கேட்டதுதான் என்னை நிறுத்தியது.

உள்ளதை உள்ளபடி எழுதினோம். இதுவும் மகன் கொடுத்ததே, ஆனால் வங்கி வழியாக வரவில்லை, ஆவணம் இல்லை. உண்டியலில் பணம் வாங்குவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தவறு என்பதும், அனுமதி பெற்றவர் வழியாக அல்லாமல் வாங்கிய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். எங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. வராது என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் கடைசியில் அந்த ஆண்டின் வரிக் கணக்கை மறுபடி விசாரிப்பதாக உத்தரவு வந்தது. அப்பாவின் பெயரில் அந்த ஆண்டுக்கு வருமானக் கணக்கு தாக்கல் செய்தோம். அதன் பிறகு கேள்வி பதில் எல்லாம் இணையம் வழியாகத்தான், எந்த அதிகாரியையும் நேரில் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில் இறுதி உத்தரவு. வங்கி வழியாக வந்த 11,20,000 முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டது, அதற்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை. 1,80,000 ரூபாய் மட்டும் விளக்கமில்லாத பணம் என்று சேர்க்கப்பட்டது.

விளக்கமில்லாத பணத்துக்குச் சாதாரண வரி அல்ல. முதியவர்களுக்கு 3 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை எல்லாம் அங்கே செல்லாது. அந்த ஆண்டுக்குரிய சட்டப்படி 60 சதவீதம் வரி, அந்த வரியின் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி, மொத்தத்தின் மேல் 4 சதவீதம் செஸ். 1,80,000க்கு வரி 1,08,000. கூடுதல் வரி 27,000. செஸ் 5,400. ஆக 1,40,400 ரூபாய். ஐந்து வருட வட்டி தனி. மேல்முறையீடு செய்யலாம் என்றார் ஆடிட்டர், ஆனால் அதற்குப் பணம் எப்படி வந்தது என்று ஆள் பெயரோடு சொல்லி நிரூபிக்க வேண்டும். நான் கட்டிவிடச் சொன்னேன். உண்டியலில் அனுப்பி எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது 1,900 ரூபாய்க்கும் குறைவு.

வைப்புத்தொகையின் வட்டி விஷயத்திலும் நாங்கள் கொஞ்சம் இழந்திருந்தோம், அது இந்த விசாரணையில்தான் தெரிந்தது. 13 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 91,000 வட்டி. அப்பாவுக்கு வேறு வருமானம் என்று பெரிதாக இல்லை, ஆகவே வரி எதுவும் கிடையாது. ஆனால் அப்போது முதியவர்களுக்கு ஒரு வங்கியில் வட்டி 50,000ஐத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்துவிடும். அப்படி 2021-22இல் 9,100 பிடித்திருக்கிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று ஆண்டின் தொடக்கத்தில் 15ஹெச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்த பிறகும், வருமானக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும். இரண்டையும் செய்யவில்லை, கெடுவும் முடிந்துவிட்டது. 2025 ஏப்ரலில் இருந்து அந்த 50,000 என்ற வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள், அது நல்லதுதான்.

வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லையே, எதற்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லைதான். ஆனால் அப்பா 2020இலேயே ஒரு கணக்குத் தாக்கல் செய்து, வட்டியைக் காட்டியிருந்தால், கணக்கே தாக்கல் செய்யாதவர் என்ற பட்டியலில் அவர் வந்திருக்க மாட்டார். பெரிய தொகை வந்த ஆண்டில் மட்டுமாவது செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். எங்கள் ஆடிட்டர் அதற்கு வாங்குவது சில நூறு ரூபாய்தான்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். என் அறையில் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன், அப்பாவுக்கு வங்கிக்குப் போக முடியாது என்று சித்தப்பா கணக்குக்கே இரண்டு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தான். சித்தப்பா அண்ணன் மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. ஆனால் அண்ணன் மகன் சித்தப்பாவுக்குக் கொடுத்தால், அந்த உறவினர் பட்டியலில் அண்ணன் மகன் வரமாட்டான். ஆண்டுக்கு 50,000ஐத் தாண்டினால் சித்தப்பாவுக்கு அது வருமானம். இது என் அண்ணனுக்காக வந்த பணம், எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன் என்று அவர் தனியே நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அவனிடம் சொல்லி அம்மா பெயரில் கணக்குத் திறக்க வைத்தேன். மாமனார், மாமியாருக்கு மருமகன் அனுப்புவதில் சிக்கல் இல்லை, மருமகன் அந்தப் பட்டியலில் வருகிறான்.

மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கும் வரி இல்லை. ஆனால் அங்கே வட்டியின் கணக்கு மாறும். மனைவிக்குக் கொடுத்த பணத்தை அவர் வைப்பில் போட்டால், அந்த வட்டி கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படும். பெற்றோருக்கு அந்த விதி இல்லை.

அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, அனுப்பும் தொகைக்கும் வரி இல்லை. எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் கட்டணத்தின் மேல் மட்டும் 5 சதவீத வாட் உண்டு. இந்தியாவில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கிறார்களே, டிசிஎஸ், அது இந்தியாவிலிருந்து வெளியே போகும் பணத்துக்கு. உள்ளே வருவதற்கு அல்ல.

இப்போது நான் இரண்டாகப் பிரித்துவிட்டேன். வீட்டுச் செலவு, மருந்து, கோயில், கல்யாணம் காட்சி எல்லாவற்றுக்கும் மாதம் 25,000 அப்பா கணக்குக்குப் போகிறது. காரணம் கேட்கும் இடத்தில் குடும்பச் செலவு என்பதையே தேர்ந்தெடுக்கிறேன். வங்கி வழியில் P1301 என்ற குறியீடு அதற்குத்தான், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்புவது. சேமிப்பு முழுவதும் என் பெயரில் உள்ள என்ஆர்இ கணக்கில் வைப்பாக இருக்கிறது. நான் வெளிநாட்டில் வசிக்கும் வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அதனால் அப்பா பெயரில் பெரிய தொகை சேர்வதும் இல்லை. அவசரம் என்றால் அப்பா எடுத்துக்கொள்ள மாண்டேட் கொடுத்திருக்கிறேன். அவர் உள்ளூர்ச் செலவுக்கு எடுக்கலாம், என்னைத் தவிர வேறு யாருக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேறொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கவோ முடியாது. ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் அந்தக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றியாக வேண்டும். திரும்பி வந்த பிறகும் அப்படியே வைத்துக்கொண்டு, வட்டிக்கு வரி இல்லை என்று இருப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் ஒருநாள் தபால் வரும்.

ரசீதுகளை இப்போது தூக்கிப் போடுவதில்லை. அனுப்பிய அன்றே செயலியில் பிடிஎஃப் எடுத்து, ஆண்டு வாரியாக ஒரே இடத்தில் வைக்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் வந்தால், முடிந்த ஆண்டுக்கு எக்ஸ்சேஞ்சில் முழுப் பட்டியலும் வாங்கி அதோடு சேர்த்துவிடுகிறேன். அந்த ஒரு தாளுக்காக 2024இல் நான் அலைந்தது போதும்.

அப்பா ஒரு நீண்ட நோட்டு வைத்திருக்கிறார். மாதம், தொகை, பாஸ்புக்கில் உள்ள எண், எதற்குச் செலவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதுகிறார். ஏப்ரலில் இரண்டு பேரும் வீடியோ அழைப்பில் உட்காருவோம். அவர் நோட்டைப் படிப்பார், நான் பட்டியலில் டிக் அடிப்பேன், அப்புறம் வரித்துறைத் தளத்தில் அவர் பெயரில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, வங்கி என்ன தெரிவித்திருக்கிறது என்று பார்ப்போம். போன ஏப்ரலில் அதில் அவருக்குச் சொந்தமில்லாத வட்டி ஒன்று 6,200 ரூபாய் இருந்தது. வேறு யாருடைய கணக்கிலோ அவர் பான் எண்ணை ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பதிவின் பக்கத்திலேயே, இது என்னுடையதல்ல என்று பதில் போட்டோம். பட்டன் எங்கே என்று அப்பாதான் காட்டினார்.